கும்பாபிஷேக மலரில் அகன்ற இடைவெளிகளும் தனித்து நிற்கும் வரிகளும்

கேள்வி: பினாங்கில் எங்கள் கோயிலின் கும்பாபிஷேகத்திற்கு ஏ5 அளவில் 32 பக்க மலர் ஒன்றை லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் தயாரிக்கிறோம். பத்திகளை இருபுறமும் சமமாக அமைத்தால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டைகள் விழுகின்றன. சில பத்திகளின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் போய் நிற்கிறது. இவற்றை எப்படிச் சரிசெய்வது?

பதில்:

வணக்கம். ஜார்ஜ் டவுனில் கோயில் மலர்களுக்கும் தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ்களுக்கும் பக்க வடிவமைப்புச் செய்துவருகிறேன். இவ்விரு குறைகளில் முதலில் இடைவெளிகளைச் சரிசெய்யுங்கள். பக்கத்தின் தலையிலும் அடியிலும் தனித்து நிற்கும் வரிகளை அதன் பிறகே தொடுங்கள். இடைவெளியைச் சரிசெய்யும்போது பத்திகளின் வரி எண்ணிக்கை மாறும் என்பதால், வரிசையை மாற்றிச் செய்தால் அதே வேலையை இரண்டாம் முறையும் செய்ய நேரும். பிழைதிருத்தம் முழுவதும் முடிந்து, தலைவரின் வாழ்த்துரை உட்பட எல்லாக் கட்டுரைகளும் கைக்கு வந்து சேர்ந்த பின்னரே இவ்விரண்டையும் தொடங்க வேண்டும்.

இடைவெளி ஏன் விழுகிறது என்பதை உங்கள் பக்க அளவைக் கொண்டே பார்ப்போம். ஏ5 தாளின் அகலம் 148 மில்லிமீட்டர். தைக்கும் பக்கம் 18, வெளிப்பக்கம் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் வரிக்கு 115 மில்லிமீட்டர், அதாவது சுமார் 326 புள்ளி அகலம் கிடைக்கும். 11 புள்ளி எழுத்தில், மெய்யெழுத்துகளையும் சேர்த்து எண்ணினால், ஒரு வரியில் ஏறத்தாழ 35 எழுத்துகள் அமையும். எழுத்துருவைப் பொறுத்து இது சற்றுக் கூடும் அல்லது குறையும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டியே வருவதால் சொற்கள் நீளமானவை. ஆகவே ஒரு வரியில் நான்கைந்து சொற்களும், அவற்றிடையே மூன்று நான்கு இடைவெளிகளும் மட்டுமே இருக்கும். வரி முடிவில் மிஞ்சும் இடம் முழுவதையும் அந்த மூன்று நான்கு இடைவெளிகளே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: “கும்பாபிஷேகத்தன்று அன்னதானம் வழங்க முன்வந்த நன்கொடையாளர்களுக்கும்”. முதல் நான்கு சொற்களில் 25 எழுத்துகள் உள்ளன. இடைவெளிகளையும் சேர்த்தால் 26 அல்லது 27 எழுத்தளவு நிரம்பும். அடுத்த சொல்லில் 12 எழுத்துகள் இருப்பதால் அது மிஞ்சிய இடத்தில் அடங்காமல் கீழ்வரிக்குப் போய்விடும். மிஞ்சிய எட்டு எழுத்தளவு இடம் மூன்று இடைவெளிகளுக்குள் பிரியும்போது, ஒவ்வொன்றும் மூன்று எழுத்துகள் நுழையும் அளவுக்கு அகன்றுவிடும். நீங்கள் ஓட்டை என்று குறிப்பிடுவது இதைத்தான். அதே சொல்லை “நன்கொடையாளர்-” என்று முறித்து, “களுக்கும்” என்ற பகுதியைக் கீழ்வரிக்கு அனுப்பினால் மேல்வரி இயல்பான இடைவெளியோடு நிரம்பிவிடுகிறது. தமிழ்ப் பத்தியில் ஓட்டைகளை அடைக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை.

லிப்ரே ஆபிஸில் Hyphenation என்ற வசதி இருந்தாலும், தமிழுக்கான சொற்பிரிப்பு அகராதி நிறுவப்படாத கணினியில் அதை இயக்கினாலும் எந்த மாற்றமும் நிகழாது. 32 பக்க மலருக்குக் கையாலேயே செய்துவிடலாம். ஓட்டை தெரியும் வரிக்கு அடுத்த வரியின் முதல் சொல்லில், முறிக்கத் தகுந்த இடத்தில் சுட்டியை வைத்து Ctrl விசையுடன் கழித்தல் குறியை அழுத்துங்கள். அது மென்கோடு, சொல் அங்கே முறியும்போது மட்டும் அச்சில் தெரியும், பின்னர் திருத்தத்தால் சொல் வரியின் நடுவுக்கு வந்துவிட்டால் மறைந்துவிடும். சாதாரணக் கோட்டைத் தட்டச்சு செய்தால் அது அங்கேயே தங்கி, “நன்கொடையாளர்-களுக்கும்” என்று வரி நடுவில் அச்சாகிவிடும். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் மென்கோட்டுக்கு இதே விசைகள்தாம்.

எங்கே முறிப்பது என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். புள்ளி வைத்த மெய்யெழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது. ஆகவே “நன்கொடையாள-ர்களுக்கும்” என்பது தவறு. ஒரே ஓர் எழுத்தை மேல்வரியிலோ கீழ்வரியிலோ தனியாக விடக் கூடாது. இவற்றுக்கு உட்பட்டு, பொருள் பிரியும் இடமே சிறந்தது: “நன்கொடை-யாளர்களுக்கும்”, “நன்கொடையாளர்-களுக்கும்” இரண்டுமே கண்ணுக்கு உறுத்தாதவை. நீளமான சொல்லில் இரண்டு மூன்று இடங்களில் மென்கோடு இட்டுவைத்தால் இடத்துக்கு ஏற்றதை மென்பொருளே தேர்ந்துகொள்ளும். அடுத்தடுத்து மூன்று வரிகள் கோட்டில் முடிவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பழைய ஈய அச்சு நூல்களில் கோடே இல்லாமல் சொற்களை முறித்திருப்பதைக் காணலாம். ஆயினும் கோயில் மலரைப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் கோடு இருப்பதையே நான் விரும்புகிறேன்.

சில ஓட்டைகளுக்குக் காரணம் வேறு. வாட்சாப்பிலோ மின்னஞ்சலிலோ வந்த கட்டுரையை ஒட்டும்போது வரி முடிவுகளில் Shift+Enter முறிவுகள் ஒளிந்து வரும். சமப்படுத்திய பத்தியில் அத்தகைய வரி இரண்டே சொற்களைக் கொண்டிருந்தாலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை இழுபடக்கூடும். Ctrl+F10 அழுத்தினால் மறைகுறிகள் தெரியும். வளைந்த அம்புக்குறி உள்ள இடங்களில் அதை அழித்து ஓர் இடைவெளி இடுங்கள். இன்னொன்று நம் நாட்டு மலர்களுக்கே உரியது: “மாண்புமிகு டத்தோ ஸ்ரீ” எனத் தொடங்கும் பெயர்கள். தலைப்பெழுத்தும் பெயரும் பிரியாதிருக்க அவற்றின் நடுவே Ctrl+Shift+Space கொண்டு முறியா இடைவெளி இடுவது சரியே. ஆனால் பட்டங்களையும் சேர்த்துப் பிணைத்துவிட்டால் முழுப் பெயரும் ஒரே நெடுஞ்சொல்லாகி, மேல்வரியைக் காலியாக்கிவிடும்.

இடைவெளியைக் குறைக்க எழுத்துகளின் இடையே இடம் கூட்டும் வழியை நாடாதீர்கள். தமிழில் “கொ” போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் பிரிந்து நின்று, படிப்பவரைத் தடுமாற வைக்கும். பத்தியை இரண்டு நெடுவரிசைகளாக்கவும் வேண்டாம். 55 மில்லிமீட்டர் அகலத்தில் வரிக்கு இரண்டு மூன்று சொற்களே வருவதால் எவ்வளவு முறித்தாலும் ஓட்டைகள் தீராது. நன்கொடையாளர் பட்டியல், படக்குறிப்பு, நிகழ்ச்சி நிரல் ஆகியவற்றை இடப்புறம் மட்டும் சமமாக விடுவதே அழகு.

இனித் தனித்து நிற்கும் வரிகளுக்கு வருவோம். பத்திப் பாணியின் Text Flow பகுதியில் Orphan, Widow என்ற சொற்களைக் கொண்ட இரண்டு அமைப்புகளையும் இயக்கி, இரண்டிலும் 2 வரி என வையுங்கள். முன்னது, பத்தியின் முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்காமல் காக்கும். பின்னது, கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்திற்குத் தாவாமல் காக்கும். துணைத்தலைப்புகளின் பாணியில் Keep with next paragraph என்பதையும் இயக்குங்கள்.

இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதனால் வேறொரு குறை தோன்றுவதைக் கவனிப்பதில்லை. மேலும் கீழும் 20 மில்லிமீட்டர் ஓரம் விட்டு, வரி உயரம் 16 புள்ளி என்று வைத்தால் பக்கத்திற்கு 30 வரிகள் அமையும். எட்டாம் பக்கத்தின் அடியில் ஏழு வரிப் பத்தி ஒன்றின் ஆறு வரிகள் அடங்கி, ஏழாவது மட்டும் ஒன்பதாம் பக்கத்திற்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன அமைப்பு ஆறாவது வரியையும் அதனுடன் அனுப்பிவிடும். இப்போது எட்டாம் பக்கத்தில் 29 வரிகள், எதிரே ஒன்பதில் 30. திறந்து வைத்த மலரில் இவ்விரண்டும் அருகருகே இருப்பதால், இடப்பக்கத்தின் அடி ஐந்தரை மில்லிமீட்டர் தூக்கி நிற்பது தெரியும். பத்தி மூன்றே வரிகளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதை இரண்டும் இரண்டுமாகப் பிரிக்க முடியாததால் முழுப் பத்தியும் தாவும், அதற்கு மேலே துணைத்தலைப்பு இருந்தால் அதுவும் கூடவே போகும்.

ஆகவே அமைப்பை இயக்கிய பிறகு, அது எங்கெல்லாம் பக்கத்தைக் குறைத்திருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு வரியை மீட்க வேண்டும். எட்டாம் பக்கத்திலோ அதே கட்டுரையின் முந்தைய பக்கத்திலோ, கடைசி வரியில் ஒரே ஒரு சிறு சொல் நிற்கும் பத்தியைத் தேடுங்கள். அந்தப் பத்திக்கு மட்டும் எழுத்தின் அகலத்தை Character உரையாடலில் Scale width 98% என்று குறைத்தால் வரிக்கு ஆறரைப் புள்ளி மிச்சமாகும். ஆறு முழு வரிகள் இருந்தால் மொத்தம் 39 புள்ளி, அதாவது நான்கு எழுத்தளவு. கடைசி வரியில் இருப்பது “உண்டு.” என்றால் மேலே ஏறிவிடும், “நடைபெற்றது.” என்றால் ஏறாது. சொற்கள் முறிந்தால்தான் இந்த மிச்சம் வரிக்கு வரி நகர்ந்து கடைசி வரை போய்ச் சேரும் என்பதால், பத்தியின் நீண்ட சொற்களில் மென்கோடுகளையும் இட்டுவையுங்கள். 98 விழுக்காட்டுக்குக் கீழே நான் போவதில்லை. அடுத்த பத்தியோடு ஒப்பிடும்போது எழுத்து ஒடுங்கியிருப்பது தெரிந்துவிடும்.

இது பலிக்காவிட்டால் கட்டுரையாளரைக் கேட்டு ஒரு சொல்லைக் குறைக்கலாம். “அவர்கள் அனைவரும்” என்பது “அனைவரும்” என்றானாலே பல வேளைகளில் ஒரு வரி மீண்டுவிடும். வாழ்த்துரையாகவோ தேவாரப் பாடலாகவோ இருந்து கைவைக்க இயலாதபோது, எட்டையும் ஒன்பதையும் சேர்த்து இரண்டையுமே 29 வரிகளில் முடித்துவிடுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருக்கும்வரை ஒரு வரி குறைந்திருப்பது யார் கண்ணிலும் படாது.

இந்த வேலையை முதல் பக்கத்திலிருந்து முன்னோக்கியே செய்ய வேண்டும். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி மீண்டால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் நகரும். ஒவ்வொரு கட்டுரையையும் புதிய பக்கத்தில் தொடங்கினால் அந்த நகர்வு கட்டுரையோடு நின்றுவிடும். நடுவில் கம்பித் தையல் போடும் மலர் நான்கின் மடங்காகவே அமையும் என்பதால், வரிகள் வழிந்து 33ஆம் பக்கம் உண்டானால் நீங்கள் 36 பக்கங்களுக்குப் பணம் கட்ட நேரும். நன்றியுரைப் பக்கத்தில் பாதியையாவது காலியாக வைத்திருங்கள்.

முடிந்ததும் உண்மையான அளவில் ஒரு படி அச்சிட்டு, தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்க முடியாதபோது கண் வெள்ளை இடங்களை மட்டுமே காணும். விடுபட்ட ஓட்டைகளும், அவை வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்து மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைக் கோடுகளும் உடனே தெரியும். அச்சகத்திற்கு ரைட்டர் கோப்பைக் கொடுக்காமல், எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் கோப்பையே கொடுங்கள். அவர்களுடைய கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றாலோ வேறு பதிப்பாக இருந்தாலோ நீங்கள் சீர்செய்த ஒவ்வொரு வரியும் மீண்டும் இடம் மாறிவிடும்.