இருமலே இல்ல, கர்ப்பப்பையில எப்படி டிபி?

கேள்வி: பீரியட்ஸ் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு இப்ப சுத்தமா நின்னுடுச்சு. கல்யாணமாகி மூணு வருஷம், குழந்தை இல்ல. ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல். டாக்டர் டிபி பாக்கணும்ங்கறாங்க. எனக்கு இருமலே இல்லையே?

எனக்கும் இருமல் இல்ல சிஸ்டர், நெஞ்சு எக்ஸ்ரேவும் க்ளீன். எப்பவோ நுரையீரல்ல வந்து நமக்கே தெரியாம அடங்கிப்போன கிருமி ரத்தம் வழியா கருக்குழாய்க்குப் போய் உக்காந்துக்கும், அங்கேருந்து கர்ப்பப்பை உள்சவ்வுக்கு இறங்கும். எனக்கு நாலு நாள் வந்துட்டு இருந்தது ரெண்டு நாளாச்சு, அப்புறம் வெறும் கறை, அப்புறம் அதுவும் இல்ல. முதல்ல புரோஜெஸ்ட்ரான் மாத்திரை மட்டும் குடுத்தாங்க, வரல. அடுத்து ஈஸ்ட்ரோஜனும் சேத்து குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் ஒரு சொட்டு கூட வரல. ஹார்மோன் சரியா இருந்து, வெளியிலேருந்து குடுத்தும் ரத்தம் வரலைன்னா சவ்வே தழும்பாகி ஒட்டிக்கிச்சான்னு பாக்கணும்னு அங்கதான் டாக்டருக்கு சந்தேகம் வந்துச்சு.

உள்சவ்வுல கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவாங்க. முதல் தடவை ஒரு ஆஸ்பத்திரியில எடுத்த சதை முழுசையும் ஃபார்மலின் பாட்டில்ல போட்டுட்டாங்க. ஃபார்மலின்ல கிருமி செத்துடும், அதுக்கப்புறம் லேப்ல கிருமியை வளத்துப் பாக்கற கல்ச்சர் பண்ண முடியாது, மைக்ரோஸ்கோப்ல பாக்க மட்டும்தான் ஆகும். அந்த ரிப்போர்ட்ல ஒண்ணும் தெளிவா இல்ல. எனக்கு ஆறு மாசம் அதுல போச்சு, இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது. அதனால நீங்க உள்ள போறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, ஒரு பாட்டில் ஃபார்மலின், இன்னொண்ணு வெறும் சலைன், ரெண்டும் இருக்கான்னு. (பீரியட்ஸ் வர்றவங்களுக்கு தேதிக்குக் கொஞ்சம் முன்னாடி எடுக்கறது நல்லது, ஏன்னா வந்துட்டா கிருமி இருக்கற சவ்வும் அதோட சேந்து வெளிய போயிடும். நின்னு போனவங்களுக்கு நாள் கணக்கு இல்ல.)

ரெண்டாவது தடவை சலைன்ல போனதுல, கிருமியோட மரபணுவைத் தேடற சிபிநாட் டெஸ்ட் நெகட்டிவ். உடனே டிபி இல்லன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, இந்த இடத்துல கிருமி ரொம்ப கம்மியா இருக்கும், டெஸ்ட்ல மாட்டாம போகலாம். கல்ச்சருக்கு ஆறு வாரம் வரைக்கும் காத்திருக்கணும், எனக்கு அஞ்சாவது வாரத்துல பாசிட்டிவ் வந்துச்சு. லேப்ராஸ்கோப்பில பாத்தப்ப கருக்குழாய் மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருந்துச்சு, சுத்தி எல்லாம் ஒட்டிக்கிட்டு. மாந்தோ ஊசியையும் ரத்தத்துல பாக்கற டிபி கோல்டையும் மட்டும் வச்சு முடிவு பண்ண விடாதீங்க, கிருமி எப்பவாவது உடம்புல நுழைஞ்சிருந்தா அது பாசிட்டிவ் காட்டும், இப்ப நோய் இருக்கான்னு சொல்லாது.

மாத்திரை ஆறு மாசம், அரசு டிபி சென்டர்ல இலவசம். முடிச்சப்புறம் கர்ப்பப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கற ஹிஸ்டிரோஸ்கோப்பில ஒட்டினதைப் பிரிச்சு விட்டாங்க, இப்ப ஒரு நாள் ரெண்டு நாள் வருது. குழாய் அடைப்பு மட்டும் மாத்திரைக்குத் தொறக்கல, அதனால ஐவிஎஃப்தான் வழின்னு சொல்லிட்டாங்க, அதுவும் சவ்வு எவ்வளவு தடிமனா வருதுன்னு பாத்துட்டுத்தான். அடுத்த மாசம் அந்த ஸ்கேன் இருக்கு எனக்கு.