அழுக்குக்கு நூறு மில்லி

அன்புள்ள ஐயா,

"உணர்ச்சியைச் சொல்கிறீர்கள், காட்டவில்லை" என்ற குறிப்போடு என் கதை பத்திரிகையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. நிகழ்ச்சிகளை மாற்றாமல் கீழ்க்கண்ட காட்சியை எப்படித் திருத்துவது? ஐம்புலன்களும் வர வேண்டுமா?

"செல்வி மிகுந்த வேதனையோடு தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அடகுக்கடைக்காரர் அலட்சியமாக உரசிப் பார்த்து எடைபோட்டார். அவள் அவமானத்தால் கூனிக் குறுகினாள். பணத்தையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு கனத்த மனத்துடன் வெளியே வந்தாள்."

க.

அன்புள்ள க.,

ஐம்புலன்களையும் வரிசையாக நிறுத்துவதற்குக் கதை என்ன பொருட்காட்சியா? அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுங்கள். கதையைத் திருப்பி அனுப்பியவர்மீதும் கோபம் வேண்டாம். அவர் சொன்னது சரிதான், பாதியில் நிறுத்திவிட்டார் என்பதுதான் குறை.

உங்கள் கடிதம் வந்தபோது நான் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன். மனத்தின் உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளின் பெயரைச் சொன்னதோடு தொல்காப்பியர் நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுகிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ நேர்வது, உள்ளதை இழப்பது, முன்பிருந்த நிலை தாழ்வது, இல்லாமை என்று இவற்றைப் புரிந்துகொள்ளலாம். உங்கள் "வேதனை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த நான்கும் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. எதைக் காட்டுவது என்று தெரியாததால்தான் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். செல்விக்கு நேர்வது இழவு என்றால் உங்கள் கண் அவள் கழுத்தில் நிற்க வேண்டும். இளிவு என்றால் தராசில் நிற்க வேண்டும். காரணத்தைத் தேர்ந்துவிட்டால் எந்தப் பொருளைப் பார்ப்பது என்பது தானாகவே முடிவாகிவிடும்.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். "நெஞ்சு வெடித்துவிடும்போல்" என்பதை அடித்துவிட்டு, "கைகள் நடுங்கின, கண்களில் நீர் திரண்டது" என்று எழுதுவீர்கள். தயவுசெய்து வேண்டாம். கை காய்ச்சலிலும் நடுங்கும், பயத்திலும் நடுங்கும், பரிசு வாங்கும்போதும் நடுங்கும். மனத்தின்மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பிய்த்து உடம்பின்மேல் ஒட்டுவது காட்டுவதாகாது.

பத்து வயதில் அம்மாவோடு ஓர் அடகுக்கடைக்குப் போயிருக்கிறேன். அங்கே கேட்டது ஒன்றை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். இளிவைத் தேர்ந்துகொண்டு எழுதிப் பார்க்கலாம்:

"செல்வி கொக்கியை விடுவித்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். காலையில் தாலியை மாற்றிக் கட்டியிருந்த மஞ்சள் கயிறு வியர்வையில் கழுத்தோடு ஒட்டியிருந்தது. கடைக்காரர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தார். மறுபடி எடுத்து, கண்ணிகளின் இடுக்கை ஊக்கு முனையால் சுரண்டி, நுனியில் வந்ததைக் காகிதத்தில் துடைத்தார். 'அழுக்கு இருக்கும்மா. நூறு மில்லி கழிச்சுக்கறேன்.' செல்வி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். பணத்தையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்."

நிகழ்ச்சி எதுவும் மாறவில்லை. கழற்றுகிறாள், அவர் உரசி எடைபோடுகிறார், அவள் குறுகுகிறாள், வாங்கிக்கொண்டு போகிறாள். ஆனால் "அலட்சியமாக" என்ற சொல் போனதோடு அந்த அலட்சியமும் போய்விட்டதைப் பாருங்கள். அவர் "அம்மா" என்றுதான் அழைக்கிறார், தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். அவள் உடம்பின் அழுக்கு மில்லிகிராம் கணக்கில் கழிக்கப்படுவதற்குக் கொடியவர் ஒருவர் தேவையில்லை. மஞ்சள் கயிற்றை ஒரே வரியில் விட்டுவிட்டதற்கும், கடைசி வாக்கியத்தை மொட்டையாக நிறுத்தியதற்கும் காரணம் இருக்கிறது: ஊக்கு முனையில் வாசகர் நின்றுவிட்ட பிறகு மற்ற இடங்களில் அவரை இழுத்துப்பிடித்தால் ஊக்கு மழுங்கிவிடும்.

எழுதி முடித்த பிறகு கதையை அறியாத ஒருவரிடம் இந்தப் பகுதியை மட்டும் கொடுத்து, அவள் ஏன் கழுத்தை மூடினாள் என்று கேளுங்கள். "வெட்கப்பட்டாள்" என்றோ "கூசிப்போனாள்" என்றோ சொன்னால் போதும், சொல் வேறுபடலாம். "வெயிலுக்காக இருக்கும்" என்றால் பிழை முந்தானையில் இல்லை, அதற்கு முந்திய சுரண்டலில் இருக்கிறது. அதைத்தான் இன்னும் ஒரு வரி வளர்க்க வேண்டுமே தவிர, முந்தானைக்குப் பக்கத்தில் "அவமானத்தால்" என்று எழுதிச் சேர்க்கக் கூடாது. உங்களுக்கு அந்தக் கை அரிப்பு நிச்சயம் வரும்.

என் அம்மா கடையில் முந்தானையை இழுக்கவில்லை, வழியில் ஒரு வார்த்தை பேசவுமில்லை. அன்றிரவு காதில் மிஞ்சியிருந்த தோட்டைக் கழற்றிப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது. இதையும் எடுத்து உங்கள் கதையில் சேர்த்துவிடாதீர்கள். நிகழ்ச்சிகளை மாற்றக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.