நீள முடிக்கு எந்த கிளிப், எந்த பேண்டு, எந்த சீப்பு?

"எனக்கு இடுப்பு வரை அடர்த்தியான முடி. செந்தூலிலிருந்து வேலைக்குப் போகிறேன். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடே ரப்பர் பேண்டு போட்டு, மேலே கிளிப் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். பசார் மாலாமில் வாங்கும் பெரிய கிளிப்புகள் சீக்கிரமே பல் உடைந்துபோகின்றன. பேண்டைக் கழற்றினால் முடியும் சேர்ந்து வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?"

முதலில், பேண்டோடு வரும் முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். முழு நீளத்தில் இருந்து, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது தானாக உதிர்ந்த முடி. தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். முடி குட்டையாக, குமிழ் இல்லாமல் இருந்தால் அது நடுவில் அறுந்த முடி. பேண்டு போடும் உயரத்திலேயே குட்டை முடிகள் சிலிர்த்து நின்றால் சந்தேகமே வேண்டாம், பேண்டுதான் அறுக்கிறது.

அறுப்பதில் ஈரத்துக்கும் பங்கு உண்டு. நனைந்த முடி உலர்ந்த முடியைவிட அதிகம் நீளும், ஆனால் வலு குறைவு. அந்த நிலையில் இறுக்கிக் கட்டினால் பேண்டு உட்காரும் இடத்தில் முடி அளவுக்கு மீறி இழுபடும். கோலாலம்பூர் புழுக்கத்தில் அடர்ந்த கொண்டையின் உட்பக்கம் மாலை வரைகூட காயாது. அதனால் முடிந்தால் இரவே குளித்துக் காயவிடுங்கள். காலையில்தான் முடியும் என்றால், தளர்வாகப் பின்னி நுனியில் மட்டும் பேண்டு போட்டுக் கிளம்புங்கள். வேலையிடத்தில் காய்ந்த பிறகு கொண்டை போட்டுக்கொள்ளலாம்.

பேண்டு வாங்கும்போது விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். இரண்டு முனையையும் உலோகத் துண்டு வைத்து நசுக்கி இணைத்திருந்தால் வேண்டாம். முடி அந்த இடுக்கில்தான் சிக்கும். அப்புறம் மெதுவாக இழுத்துப் பாருங்கள். துணி இழைகளுக்கு நடுவே உள்ளே இருக்கும் ரப்பர் தெரிந்தால், கொஞ்ச நாளில் அது முடியைப் பிடித்து இழுக்கும். சாட்டின் துணியில் தைத்த அகலமான பேண்டு உங்கள் முடிக்கு ஏற்றது. பொட்டலம் கட்டும் வெறும் ரப்பரைத் தலைக்குப் போடவே கூடாது. அவசரத்துக்குப் போட்டுவிட்டால் உருவாமல் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

கிளிப் உடைவதற்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். கடையிலேயே கொண்டை போட்டு மாட்டிப் பாருங்கள். இரண்டு பக்கப் பற்களும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கவேண்டும். பற்கள் சந்திக்காமல் அகன்றே நின்றால் கொண்டையின் பாரம் முழுவதும் பல் நுனியில் விழும், பல் அடியோடு ஒடியும். உங்களுக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் நீளம் தேவைப்படும். பல்லின் அடி தடித்து, வளைவாக உடம்போடு சேரவேண்டும். கூர்மையான மூலையாக இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு பல்லை லேசாக அழுத்துங்கள். அடியில் வெள்ளைக் கோடு விழுந்தால் அந்த இடம் வலுவிழக்கிறது, வேண்டாம். செல்லுலோஸ் அசிடேட் கிளிப் விலை கூடும், ஆனால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஓரங்களும் வழவழப்பாக இருக்கும். நல்ல கிளிப்பாக இருந்தாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு வராதீர்கள். சூட்டில் வடிவம் கெட்டுவிடும்.

என்னைக் கேட்டால், இடுப்பு வரை முடி உள்ளவர்கள் தினசரிக்கு யூ வடிவக் கொண்டை ஊசியையே பழகிக்கொள்வது நல்லது. அதில் ஸ்பிரிங்கும் இல்லை, பல்லும் இல்லை, உடைய ஒன்றுமில்லை. கொண்டையின் விளிம்பில் கொஞ்சம் முடியை அள்ளி, ஊசியைத் திருப்பி உள்நோக்கிச் செருகினால் முடியே முடியைத் தாங்கும். முனை உருண்டையாக இருக்கவேண்டும், பெயின்ட் உரிந்திருக்கக் கூடாது. பிரிக்ஃபீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் கல்யாண அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

சீப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பற்களின் இடுக்கைப் பாருங்கள். அச்சில் வார்த்த மலிவான சீப்புகளில் ஒவ்வொரு பல்லிலும் மெல்லிய வரம்பு ஓடும். நகத்தால் தேய்த்தால் உறுத்தும். ஒவ்வொரு முறை வாரும்போதும் அந்த வரம்பு முடியின் மேல்தோலைச் சுரண்டும். உட்பக்க மணிக்கட்டில் இழுத்துப் பாருங்கள், கீறினால் வேண்டாம். பல் அகன்றதாக எடுத்து, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வாருங்கள். மரச் சீப்பு என்றால் குளியலறையில் வைக்காதீர்கள். ஈரத்தில் மரம் ஊறிச் சொரசொரத்துவிடும், பிறகு அதுவும் பிளாஸ்டிக் வரம்பு செய்யும் வேலையையே செய்யும்.

இதையெல்லாம் மாற்றிய பிறகும் நெற்றி ஓரத்திலோ காதுக்கு மேலேயோ முடி மெலிந்துகொண்டே போனால், வேரே இழுபடுவதாக இருக்கலாம். இறுக்கிக் கட்டுவதை உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.