வாத்தியார் பாதியில் ஏன் சாகிறார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெண் வேஷம் கட்டும் ஓர் இளைஞன், அவனை உருவாக்கிய வாத்தியார். நாவலின் நடுவில் வாத்தியார் மாரடைப்பு வந்து படுக்கிறார். மூன்று நாள் படுக்கையிலேயே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டு இறக்கிறார். படித்த நண்பர்கள், “எல்லாக் கதையிலும் குரு பாதியில்தான் சாகிறார், உனக்கு வேறு வழியே தெரியாதா?” என்று சிரிக்கிறார்கள். ஏன் இப்படி எல்லோரும் குருவைக் கொல்கிறார்கள்? நான் அவரைப் பிழைக்க வைத்துவிடட்டுமா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

சிறுவயதில் ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் கண்டதைச் சொல்கிறேன். அபிமன்னன் சண்டை நடந்துகொண்டிருந்தது. அபிமன்னன் கட்டியவர் புதியவர். நடு விருத்தத்தில் அடி மறந்துபோய், ஒரு சுற்றுச் சுற்றி ஆடுவதுபோல் பின்பக்கம் திரும்பினார். அங்கே தாளத்தோடு நின்ற வாத்தியார் விட்ட அடியைப் பின்பாட்டாக எடுத்துப் பாடிவிட்டார். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் ஆர்மோனியக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் அந்தப் பார்வையைப் பார்த்தேன். ஊர் அன்று கண்டது நல்ல அபிமன்னன். ஆனால் அந்த ஆட்டத்தில் எவ்வளவு அவருடையது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கதாசிரியனின் சிக்கல் இதுதான். தாளத்தோடு ஒருவர் பின்னால் நிற்கும்வரை நாயகனின் எந்த வெற்றியும் முழுக்க அவன் கணக்கில் சேராது. “இவ்வளவு தெரிந்த பெரியவர் தானே போய்ச் செய்துவிடலாமே” என்ற கேள்வியும் வாசகன் மனதில் ஓரமாக ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அவரை அந்த இடத்திலிருந்து நகர்த்தியாக வேண்டும். கவனியுங்கள், நகர்த்தத்தான் வேண்டும். சாகடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. ராமனுக்கு அஸ்திரங்களைக் கொடுத்து மிதிலைவரை கூட்டிப்போன விசுவாமித்திரர், கல்யாணம் முடிந்ததும் இமயமலைப் பக்கம் போய்விடுகிறார். கைகேயி வரம் கேட்கும்போது அவர் அயோத்தியில் இல்லை. இருந்திருந்தால் ராமன் எடுத்த முடிவை நாம் இவ்வளவு பேசிக்கொண்டிருப்போமா?

சாவுக்கு என்று தனியாக ஒரு வேலை உண்டு. போனவர் திரும்பி வரலாம். நெருக்கடி முற்றும்போது வாசகன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பான். செத்தவருக்காக யாரும் வாசலைப் பார்ப்பதில்லை. நாயகனும் வாசகனும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்தவேண்டும் என்றால் சாவு வேண்டியிருக்கிறது. அது நடுவில் வருவதற்கும் காரணம் எளிது. தொடக்கத்திலேயே செத்தால் வாசகனுக்கு அவர்மேல் ஒட்டுதல் வந்திருக்காது. கடைசியில் செத்தால் கற்றதை வைத்து நாயகன் எதையும் செய்துபார்க்கப் பக்கம் இருக்காது.

ஆனால் குரு செத்தால் சீடன் தானாக எழுந்துவிடுவான் என்று எழுதுகிறவர்கள் பாரதத்தின் மௌசல பருவத்தை ஒருமுறை படிக்க வேண்டும். நம் பக்கத்துப் பிரசங்கங்களுக்கு ஆதாரமான வில்லிபாரதம் போரோடு நின்றுவிடுவதால் பலருக்கு இந்தப் பகுதி பழக்கமில்லை. அர்ச்சுனனுக்குக் கிருஷ்ணனைவிடப் பெரிய வழிகாட்டி யார்? அவன் மறைந்தபின் அர்ச்சுனன் துவாரகைக்குப் போய், பெண்களையும் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறான். வழியில் ஆபீரர்கள் தடிகளோடு வந்து மறிக்கிறார்கள். காண்டீவத்தில் நாண் ஏற்றுவதற்கே திணறுகிறான். அஸ்திர மந்திரங்கள் நினைவுக்கு வரவில்லை. தீராத அம்பறாத்தூணி தீர்ந்துபோகிறது. கடைசியில் வில்லின் நுனியால் அடித்துப் பார்க்கிறான். கண் முன்னாலேயே பெண்களை இழுத்துப் போகிறார்கள். பதினெட்டு நாள் போரில் வென்ற அதே கைதான்.

வியாசருக்கு அதில் வேறு நோக்கம் இருந்தது. காலம் முடிந்ததைச் சொன்னார். நம் தொழிலுக்கு அதில் கிடைப்பது ஒரு சோதனை. குருவின் சாவு சீடனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. மிச்சத்தை அது உண்டாக்குவதில்லை. உங்கள் இளைஞன் பின்பாதியில் எழுந்து நிற்கவேண்டும் என்றால், அதற்கான விதை முன்பாதியிலேயே, வாத்தியார் கவனிக்காத ஏதோ ஓர் இடத்தில், விழுந்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கதைக்கு வருகிறேன். வாத்தியாரைப் பிழைக்க வைக்காதீர்கள். அந்த மூன்று நாளை அடியுங்கள். படுக்கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுச் சாகிறவர் உண்மையில் சாகவே இல்லை. அவருடைய தாளம் இன்னும் பையனுக்குப் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கனவில் வந்து அடி எடுத்துக்கொடுக்கும் காட்சி வைக்கலாம் என்று ஒருவேளை நினைத்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

அவர் பாதிப் பாடத்தில் போகட்டும். உங்கள் பையன் பெண் வேஷக்காரன் என்பதை நீங்களே பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். கர்ண மோட்சத்தில் வாத்தியார் கர்ணன் என்றால் இவன் பொன்னுருவி. போருக்குக் கிளம்பும் கர்ணன் அவளிடம் விடைபெறும் கட்டத்தில், எத்தனையோ இரவுகள் இவன் அவரை எதிரில் நின்று பார்த்திருப்பான். எந்த இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கும், எந்த அடியில் புஜக்கட்டையின் கனம் தாங்காமல் தோள் இறங்கும், அழவேண்டிய இடத்தில் அழாமல் எப்படி ஒரு கணம் நிற்பார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கர்ணன் வேஷத்தை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அவனிடம் ஒரு கர்ணன் இருக்கிறான், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த கர்ணன். விதை அதுதான்.

நம் வட மாவட்டங்களில் கருமாதி இரவில் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. வாத்தியாரின் கருமாதிக்கு அவருடைய ஜமாவே கூத்து வைக்கவேண்டும். கர்ணன் கட்ட ஆள் இல்லை. அந்த இரவை விட்டுவிட்டு நேராகச் சென்னை மேடைக்கும் கைதட்டலுக்கும் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பையன் முதல்முறையாக ஆண் அரிதாரம் பூசட்டும். கிரீடம் அவருடையது, நெற்றிக்குப் பெரிதாக இருக்கும்; துணி மடித்துச் செருகவேண்டிவரும். பாதியில் அடி மறக்கட்டும். பழக்கத்தில் திரும்பிப் பார்க்கட்டும். தாளத்தோடு நிற்பவர் வேறு ஆள், அவருக்கும் அந்த அடி தெரியாது.

அங்கே அவன் என்ன செய்கிறான் என்பதை நான் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாத்தியார் அந்த இடத்தில் செய்திருக்கக்கூடியதை அப்படியே அவன் செய்யவேண்டாம். செய்தால் நகல்தான். எதிரில் பொன்னுருவியாக நிற்பவனைப் பார்த்து, வாத்தியார் ஒருநாளும் பாடாத ஓர் அடியை அவன் பாடினால், பாயில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். வாத்தியாரின் மனைவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லையே, அந்தக் கூட்டத்தில் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் யோசித்து வையுங்கள்.

அன்புடன்.