கடலூரில் வாங்கினாலும் புதுச்சேரியில் வாங்கினாலும் ஒரே ஜிஎஸ்டிதானே, பணம் யாருக்குப் போகிறது?

கடலூர்க் கடையில் 1000 ரூபாய்க்கு 18% வரியுள்ள ஒரு பொருள் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். வரி 180, அதில் 90 தமிழ்நாட்டுக்கு, 90 மத்திய அரசுக்கு. அதையே புதுச்சேரி கடைக்குப் போய் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் மாநிலப் பங்கான 90 புதுச்சேரிக்கு. ஆனால் அந்தக் கடைக்காரரே கடலூருக்கு அனுப்பி வைத்தால் அது ஐஜிஎஸ்டி, அதாவது எல்லை தாண்டி விற்கும் பொருளுக்கான ஜிஎஸ்டி. பொருள் போய்ச் சேரும் இடம்தான் கணக்கு என்பதால் அந்த 90 தமிழ்நாட்டுக்கே வந்துவிடும்.

சரி, மத்திய அரசுக்குப் போன 90? இங்கேதான் வித்தியாசம். மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் நிதிக்குழுவின் 15ஆவது குழு 2021-26க்குச் சொன்ன கணக்கில், அதில் 41%, சுமார் 37 ரூபாய், எல்லா மாநிலங்களுக்கும் பிரித்துத் தர வேண்டும். அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் பங்கு 4.079%, அதாவது ஒன்றரை ரூபாய். புதுச்சேரிக்கு ஒன்றுமில்லை! சட்டசபை, முதல்வர், ஜிஎஸ்டி கவுன்சிலில் இடம் எல்லாம் இருந்தும் அது யூனியன் பிரதேசம், அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவு பங்கு தருவது மாநிலங்களுக்கு மட்டும். அதற்குப் பதிலாக உள்துறை அமைச்சகத்தின் பட்ஜெட்டிலிருந்து மானியம் வரும், ஆனால் அதற்கு இத்தனை சதவீதம் என்று சூத்திரம் கிடையாது, ஒவ்வொரு வருஷமும் கேட்டு வாங்க வேண்டும். மாநில அந்தஸ்து கேட்பதில் பாதி இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.