கணக்கில் 30 நாள், குடோனிலோ தேக்கம்

"வருட விற்பனை 6 கோடி, சராசரி இருப்பு 50 லட்சம். சரக்குச் சுழற்சி வருடத்துக்கு 12 முறை, அதாவது 30 நாள் சரக்கு. அப்புறம் ஏன் குடோன் நிரம்பி வழிகிறது?"

விற்பனையை இருப்பால் வகுக்காதீர்கள். இருப்பு கொள்முதல் விலையில் இருக்கிறது. விற்ற சரக்கின் கொள்முதல் விலையைத்தான் வகுக்க வேண்டும். விற்பனையில் லாபம் 15% என்றால் அது 5.1 கோடி. சுழற்சி 10.2, கிட்டத்தட்ட 36 நாள்.

அந்த 36-ம் சராசரிதான். அரிசியும் எண்ணெயும் வேகமாக ஓடி, தேங்கியதை மறைத்துவிடும். பெரும்பாலும் காரணம் ஸ்கீம் கொள்முதல். பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசம் என்று ஷாம்பு வாங்கியிருப்பீர்கள். மாதம் இரண்டு பெட்டிதான் விற்கும் என்றால் அது ஐந்தரை மாதச் சரக்கு.

பொருள்வாரியாக நாள் கணக்கு எடுங்கள். 60 நாளைத் தாண்டியவற்றின் கொள்முதல் பில்லைப் புரட்டினால், யார் எந்தச் சலுகைக்காக வாங்கினார்கள் என்பது தெரிந்துவிடும்.

புளி, மிளகாய் வற்றலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியே பாருங்கள். சீசனில் மொத்தமாக வாங்கியது மெதுவாகத்தான் குறையும்.