சுவரில் நீர்விடும் நாயா, ஆண்மகனா?

“1 சாமுவேல் 25:22-ல் எங்கள் பழைய தமிழ் வேதாகமம் ‘சுவரில் நீர்விடும் ஒரு நாய்’ என்கிறது, என் மகளின் ஆங்கில வேதாகமத்தில் வெறும் ‘ஆண்’ என்றுதான் இருக்கிறது. மூலத்தில் என்ன இருக்கிறது? வேதபாட வகுப்பில் எதை வாசிப்பது?”

மூல எபிரெயத்தில் இருப்பது ‘மஷ்தீன் பெகீர்’ என்ற இரண்டே சொற்கள். அவற்றின் நேர்ப்பொருள் ‘சுவரில் மூத்திரம் பெய்கிறவன்’ என்பதாகும். ஆகவே தமிழ் மொழிபெயர்ப்பு சுவரையும் நீரையும் விடாமல் காத்து, மூலத்தில் இல்லாத நாயைச் சேர்த்திருக்கிறது. மகளின் பதிப்போ பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு படத்தை விட்டிருக்கிறது.

நாய் என்ற விளக்கம் தமிழில் பிறந்ததன்று. யூத உரையாசிரியர்களிலேயே அப்படிக் கொண்டவர்கள் உண்டு. ஆயினும் அது பொருந்தவில்லை என்பதே என் கருத்து. இத்தொடர் வரும் ஆறு இடங்களிலும் ஒரு வீட்டின் ஆண் வாரிசுகளைப் பூண்டோடு அழிப்பதே பேச்சாக இருக்கிறது. 1 இராஜாக்கள் 14:10-ல் யெரொபெயாமின் வீட்டைப் பற்றி இத்தொடர் வருகிறது. அடுத்த வசனத்திலேயே அவன் வீட்டாரில் பட்டணத்தில் சாகிறவனை நாய்கள் தின்னும் என்று வரும்போது, மூலம் நாய்க்குரிய வழக்கமான சொல்லையே ஆள்கிறது. நாயைச் சொல்ல வேண்டிய இடத்தில் அதை நேராகவே சொல்லும் நூல், ஒரு வசனத்துக்கு முன்பு மட்டும் அதைச் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கும் என்று கொள்வது கடினம்.

இனி, இத்தொடர் எப்போது மென்மையாயிற்று என்பதைப் பார்ப்போம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும், லத்தீன் வுல்காத்தாவும், லூத்தரின் ஜெர்மானிய வேதாகமமும், 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பும் இதை உள்ளபடியே பெயர்த்தன. 1611-ல் அந்த ஆங்கிலச் சொல் அன்றாடப் பேச்சில் இயல்பாகப் புழங்கிய சொல். பின்னர்தான் அது சபையில் கூசும் சொல்லாயிற்று. அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1833-ல் அந்தப் பதிப்பைத் திருத்தி வெளியிட்டபோது, இத்தகைய சொற்களை நாணமின்றி வாசிக்க முடியாததால் இளையோர் வேதபாட வகுப்புகளுக்கு வரவே தயங்குகிறார்கள் என்று முன்னுரையில் காரணம் கூறினார். பின்வந்த திருத்தங்களும் ‘ஆண்’ என்ற வழியிலேயே சென்றன. அவற்றுக்கு இன்னொரு நியாயமும் உண்டு: மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் அதன் கருத்தைத் தரவேண்டும் என்பதே அது.

இந்தக் கூச்சம் பிற்காலத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஏசாயா 36:12-ல் அசீரியத் தளபதி ரப்சாக்கே, எருசலேமின் மதில்மேல் இருப்பவர்கள் முற்றுகையில் தங்கள் மலத்தையே தின்று மூத்திரத்தையே குடிக்க நேரும் என்று அவர்கள் காதுபடக் கூவுகிறான். யூத மறைநூல் அறிஞர்கள் அங்கே எழுத்தைத் தொடவில்லை. ஆனால் சத்தமாக வாசிக்கும்போது அந்தக் கொச்சைச் சொல்லுக்குப் பதிலாக ‘கால்களின் தண்ணீர்’ என்று வாசிக்க வேண்டும் என்று ஓரத்தில் குறித்தார்கள். கொச்சையாக எழுதப்பட்டதை நாகரிகமாக வாசிக்க வேண்டும் என்ற விதி யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூதிலேயே இருக்கிறது. அவ்விதிக்கு அங்கே எடுத்துக்காட்டாகத் தரப்படும் சொற்களில் ‘மஷ்தீன் பெகீர்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். அது முரட்டுப் பேச்சாக இருந்திருக்கலாம். வாசிக்கத் தகாத ஆபாசமாக அவர்கள் அதைக் கருதவில்லை.

அந்த முரட்டுத்தனம் இந்த அதிகாரத்தில் வேலை செய்கிறது. செல்வந்தன் நாபாலின் ஆடுகளைக் காத்த தாவீதின் ஆட்களுக்குக் கூலியாக வசைதான் கிடைத்தது. தாவீது நானூறு பேரோடு வாளேந்திப் புறப்பட்டு, நாபாலின் வீட்டில் ‘சுவரில் நீர்விடும்’ ஒருவனையும் விடியும்வரை உயிரோடு விடேன் என்று வழியில் சபதம் செய்கிறான். கோபத்தில் பாளயத்து ஆள் பேசும் பேச்சு அது. நாபாலின் மனைவி அபிகாயில் அவனைத் தணித்த பிறகும், 34-ஆம் வசனத்தில் அவள் முகத்துக்கு நேராகவே அதே தொடரை மறுபடி சொல்கிறான்; நீ வராதிருந்தால் எது நடந்திருக்கும் என்பதை அவன் மென்று விழுங்கவில்லை. ‘ஓர் ஆண்மகனையும்’ என்று வாசிக்கும்போது கொலையின் அளவு புரிகிறது. இந்தச் சூடு புரிவதில்லை.

ஆகவே வகுப்பில் பழைய தமிழ் வேதாகமத்தையே வாசியுங்கள். ‘நீர்விடும்’ என்பது ஏற்கெனவே அடக்கமான சொல். சிறுவர் முன்னும் கூசாமல் வாசிக்கலாம். நாய் என்பது மூலத்தில் இல்லை, வீட்டின் ஆண்மக்களையே குறிக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளுங்கள். நாயை வைத்து ஞானார்த்தம் எதையும் கட்டவேண்டாம். உங்கள் மகளின் பதிப்பில் அந்த வசனத்துக்கு அடிக்குறிப்பு உண்டா என்றும் பாருங்கள். இருந்தால், மூலத்தின் நேர்ப்பொருள் பெரும்பாலும் அங்கேதான் ஒதுக்கப்பட்டிருக்கும்.